ஒரே ரிலீஸ் தேதி, நான்கு டீம்: டிக்கெட்டை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: எங்கள் கம்பெனியில் வெப் டீம் தனி, மொபைல் டீம் தனி, ஏபிஐ எழுதுபவர்கள் தனி. எல்லோருக்கும் ஒரே ரிலீஸ் தேதி. ஜிராவில் ஒரு ஃபீச்சருக்கு ஒரே டிக்கெட் போடுவதா, டீமுக்கு ஒன்றா? எப்படிப் போட்டாலும் கடைசி வாரத்தில்தான் யாரிடம் என்ன பாக்கி என்று தெரிகிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில்:

டீமுக்கு ஒன்று போடுங்கள். அவற்றுக்கு மேலே ஒரு தாய் டிக்கெட் வையுங்கள். ஆனால் கடைசி வாரப் பதற்றம் அதனால் மட்டும் தீராது. வெப்புக்கும் மொபைலுக்கும் ரிலீஸ் தேதிதான் ஒன்று. கோடு முடிய வேண்டிய தேதி ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை பலகையில் எழுதிவைக்காவிட்டால் மொபைல்காரர்களும் வெப்காரர்களின் தேதியைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள்.

நான் பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் பஸ் முன்பதிவு செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அப்போது கொண்டுவந்த ஃபீச்சர் 'பகுதி ரத்து'. நான்கு இருக்கை முன்பதிவு செய்தவர் ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம். அதுவரை செய்தால் மொத்தமாகத்தான் ரத்து. (பஸ் டிக்கெட்டை முன்பதிவு என்றே சொல்கிறேன். டிக்கெட் என்றால் இங்கே ஜிரா டிக்கெட்தான்.)

ஏபிஐ, வெப், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என்று நான்கு டிக்கெட். நான்கும் ரிலீஸ் அன்று காலையில் Done. வெப்பில் ஃபீச்சரைத் திறந்துவிட்டோம். மதியத்துக்குள் வாடிக்கையாளர் சேவைக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன: ஐபோனில் "என் முன்பதிவுகள்" பக்கம் காலியாக இருக்கிறது என்று. காரணம் பழைய ஆப்பில் இருந்த இந்த நாலு வரி:

```swift
enum BookingStatus: String, Decodable {
    case confirmed = "CONFIRMED"
    case cancelled = "CANCELLED"
}
```

வெப்பில் ஒருவர் ஓர் இருக்கையை ரத்து செய்ததும் சர்வர் `PARTIALLY_CANCELLED` என்ற புதிய நிலையை அனுப்பியது. பழைய ஆப்புக்கு அந்தச் சொல் தெரியாது. ஸ்விஃப்ட்டில் இப்படித் தெரியாத மதிப்பு வந்தால் அந்த ஒரு முன்பதிவு மட்டும் விடுபட்டுப் போகாது. டீகோடிங் பிழை மேலே ஏறி, முழுப் பட்டியலும் வராமல் போய்விடும். அந்தப் பயணிக்கு அவருடைய மற்ற பயணங்களும் காணாமல் போயின. புதிய ஆப் ஸ்டோரில் இருந்தது, ஆனால் பெரும்பாலானவர்கள் இன்னும் அப்டேட் செய்யவில்லை. கடைசியில் பழைய ஆப் கேட்டால் `CONFIRMED` என்றே அனுப்பும்படி சர்வரில் மாற்றினோம். ஒரு மணி நேர வேலைதான்.

எந்த டிக்கெட்டும் தாமதமாகவில்லை, எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. அந்த ஒரு மணி நேர வேலைக்கு மட்டும் டிக்கெட்டே இல்லை. அது ஏபிஐ டீமின் வேலையா, மொபைல் டீமின் வேலையா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. டீம்கள் தனித்தனியாக இருக்கும் இடத்தில் இப்படித் தொலைவது பெரும்பாலும் இரண்டு டீமுக்கு நடுவே கிடக்கும் வேலைதான்.

இன்று அதே ஃபீச்சரை எப்படிப் பிரிப்பேன் என்று காட்டுகிறேன். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஊருக்குப் போகும் கூட்டம் வருவதற்குள் ஃபீச்சர் எல்லோரிடமும் இருக்க வேண்டும். அதனால் ரிலீஸ் தேதி அக்டோபர் 28, புதன் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். முன்னோக்கி எண்ணினால் எப்போதும் வெப் டீமின் கணக்குதான் வரும்.

ஐஓஎஸ்ஸில் புதிய பதிப்பைப் படிப்படியாக வெளியிட்டால் ஆப்பிள் அதை ஏழு நாளில் பரப்புகிறது: முதல் நாள் 1 சதவீதம், பிறகு 2, 5, 10, 20, 50, ஏழாம் நாள் 100. தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. கையால் அப்டேட் செய்பவர் முதல் நாளே வாங்கிக்கொள்ளலாம். அக்டோபர் 27 அன்று 100 சதவீதம் ஆக வேண்டுமென்றால் 21 அன்று ஆரம்பித்தாக வேண்டும். ஏதாவது தவறு தெரிந்தால் பரப்புவதை நிறுத்திவைக்கலாம், மொத்தம் 30 நாள் வரை. ஆனால் ஏற்கெனவே அப்டேட் ஆனவர்களைப் பழைய பதிப்புக்குத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. வெப்பில் ஐந்து நிமிடத்தில் முந்தைய நிலைக்குப் போய்விடலாம் என்று பழகியவர்களுக்கு இது சுலபத்தில் மனதில் பதியாது.

அதற்கு முன்னால் ஸ்டோர் பரிசீலனை. 90 சதவீதம் 24 மணி நேரத்துக்குள் முடிகிறது என்று ஆப்பிள் சொல்கிறது. கூகுள் ப்ளேயில் சில ஆப்களுக்கு 7 நாள் வரைகூட ஆகலாம், அரிதாக அதற்கும் மேல். ஒரு முறை நிராகரிக்கப்பட்டு, திருத்தி, மீண்டும் அனுப்ப இடம் விட்டுத்தான் நான் தேதி வைப்பேன். 19, 20 ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை. அந்த இரண்டு நாளையும் கழித்துவிடுங்கள். ஆக அக்டோபர் 14, புதன் அன்று இரண்டு ஸ்டோருக்கும் பில்ட் போயிருக்க வேண்டும். அனுமதி கிடைத்ததும் தானாக வெளியாகிவிடாமல், ஆப்பிளில் கையால் வெளியிடும் தேர்வையும் ப்ளேயில் `Managed publishing` என்பதையும் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

14 அன்று அனுப்புவதற்கு, வெளியிடப்போகும் அதே பில்ட்டை க்யூஏ சோதித்திருக்க வேண்டும். அதற்கு 9, வெள்ளியிலிருந்து 13, செவ்வாய் வரை. அதாவது மொபைல் கோடு முடிய வேண்டிய நாள் அக்டோபர் 9. வெப் டீம் 26, திங்கள் வரை கோடை மாற்றிக்கொண்டிருக்கலாம். ரிலீஸ் தேதி ஒன்றுதான், ஆனால் இவர்கள் இருவரும் முடிக்க வேண்டிய நாளுக்கு நடுவே இரண்டரை வாரம். பலகையில் எல்லா டிக்கெட்டிலும் 'அக்டோபர் 28' என்று ஒரே தேதி இருந்தால் நீங்கள் சொல்லும் கடைசி வாரப் பதற்றம் வந்தே தீரும்.

ஏபிஐ டீமுக்கு எது கடைசி நாள்? பலரும் வெப்போடு சேர்த்து 26 என்று போடுவார்கள். தவறு. ஸ்டோரில் பரிசீலிப்பவர் ஆப்பைத் திறக்கும்போது அது உங்கள் நிஜ சர்வரோடுதான் பேசும். அதனால் ஏபிஐ 13-ம் தேதிக்குள் ப்ரொடக்‌ஷனில் இருக்க வேண்டும், ஃபீச்சர் ஃப்ளாக்கால் பொதுமக்களுக்கு மூடியபடி. இதில் ஒரு கண்ணியும் உண்டு. மறைந்திருக்கும் வசதிகளோடு ஆப்பை அனுப்பக்கூடாது என்பது ஆப்பிளின் விதி, 2.3.1. ஆகவே பரிசீலனைக்குக் கொடுக்கும் டெமோ கணக்குக்கு மட்டும் ஃப்ளாக்கைத் திறந்துவைத்து, பரிசீலனைக் குறிப்பில் அந்த வசதியை எழுதிவிட வேண்டும். இதுவும் ஒரு டிக்கெட். யார் பெயரிலும் இல்லையென்றால் மறந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஏபிஐ கான்ட்ராக்ட். எந்த எண்ட்பாயிண்ட், எந்தப் புலங்கள், எந்த நிலைகள், எந்தப் பிழைக் குறியீடுகள் என்று எழுதி, நான்கு டீமும் ஒப்புக்கொண்டு மூட வேண்டும். இதற்கு நான் செப்டம்பர் 16 வைப்பேன். அன்றிலிருந்து மொபைல் டீம் போலி சர்வரை வைத்து வேலையை ஆரம்பிக்கலாம், நிஜ ஏபிஐக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சரி, இதை ஜிராவில் எப்படிப் போடுவது? டீமுக்கு ஒரு ப்ராஜெக்ட் இருக்கட்டும்: `API`, `WEB`, `DROID`, `IOS`. எல்லோரையும் ஒரே ப்ராஜெக்ட்டுக்குள் தள்ளாதீர்கள். அவரவர் வேலை ஓடும் முறை வேறு, ஸ்ப்ரிண்ட் வேறு. ஃபீச்சருக்கு ஓர் எபிக். அதன்கீழ் நான்கு ப்ராஜெக்ட்டிலிருந்தும் ஸ்டோரிகள். சப்-டாஸ்க் இதற்கு உதவாது, அது தாய் டிக்கெட் இருக்கும் ப்ராஜெக்ட்டை விட்டு வெளியே போக முடியாது. ஒரே டிக்கெட்டை ஏபிஐயிலிருந்து வெப்புக்கும், அங்கிருந்து மொபைலுக்கும் கைமாற்றும் வழக்கமும் வேண்டாம். நால்வரும் ஒரே சமயத்தில் வேலை செய்கிறார்கள், டிக்கெட்டோ ஒருவர் பெயரைத்தான் காட்டும்.

எல்லாவற்றையும் ஒரே ரிலீஸாகக் கட்டுவது `Fix versions` என்ற புலம். ஜிராவில் பதிப்பு என்பது ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி. `WEB`-இல் உருவாக்கியது `IOS`-இல் தானாக வராது. நான்கிலும் எழுத்து மாறாமல் ஒரே பெயரில் உருவாக்குங்கள். பெயரில் நாளைப் போடாதீர்கள். நாள் தள்ளிப்போனால் பெயர் பொய்யாகிவிடும். நான் `R26.10` என்பதுபோல் வைப்பேன். இந்தப் புலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பு போடலாம், அதனால் மொபைல் டிக்கெட்டுகளில் ஸ்டோர் பதிப்பு எண்ணும், `5.12.0` என்பதுபோல், கூடவே இருக்கட்டும். அப்புறம் எல்லோரும் பார்க்க இந்த ஒரு வரி போதும்:

```
fixVersion = "R26.10" AND statusCategory != Done ORDER BY duedate ASC
```

இதை ஃபில்டராகச் சேமித்து, அதன்மேல் ஒரு பலகை போடுங்கள். வரிசை முக்கியம். டீம் வாரியாகவோ முன்னுரிமை வாரியாகவோ வேண்டாம், கெடு வாரியாக. பின்னோக்கி எண்ணிய தேதிகளைக் கெடுவாகப் போட்டிருந்தால் மொபைலும் ஏபிஐயும் தானாக மேலே வந்து நிற்கும், வெப் கீழே போகும். இதைப் பார்த்த அன்றே எங்கள் மேலாளர் இரண்டு பேரை வெப்பிலிருந்து ஏபிஐக்கு மாற்றினார். அதற்குமுன் ஒவ்வொரு கூட்டத்திலும் நாங்கள் வாயால் கேட்டு நடக்காத விஷயம் அது.

அடுத்தது, Done என்றால் என்ன? வெப்பில் ப்ரொடக்‌ஷனுக்குப் போனால் Done. மொபைலில் சிலர் கோடு மெர்ஜ் ஆனதும் மூடுவார்கள், சிலர் ஸ்டோரில் வெளியான பிறகுதான் மூடுவார்கள். முதல் வழியில் பச்சை சீக்கிரம் வந்து ஏமாற்றும். இரண்டாவதில் முப்பது டிக்கெட் ஒரு வாரம் முழுக்க திறந்தே கிடந்து, உண்மையில் எது பாக்கி என்பதை மறைக்கும். நான் சொல்வது: வெளியிடப்போகும் பில்ட்டில் க்யூஏ பார்த்துச் சரி சொன்னால் மொபைல் ஸ்டோரி Done. ஸ்டோருக்கு அனுப்புவதும் பரப்புவதும் வேறு வேலை; அதற்கு ஸ்டோருக்கு ஒன்றாக இரண்டு டிக்கெட், "ஐஓஎஸ் 5.12.0 வெளியீடு", "ஆண்ட்ராய்டு 5.12.0 வெளியீடு". அதில் பரிசீலனைக்கு அனுப்பிய நாள், அனுமதி வந்த நாள், இன்று எத்தனை சதவீதம் என்று தினம் ஒரு வரி எழுதினால் போதும்.

டிக்கெட்டுகளுக்கு நடுவே எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்காதீர்கள். சிலந்தி வலை ஆகிவிடும், யாரும் பார்க்க மாட்டார்கள். பகுதி ரத்துக்கு மூன்று இடத்தில் மட்டும் `blocks` இணைப்பு போடுவேன். கான்ட்ராக்ட் டிக்கெட் மற்ற எல்லா ஸ்டோரிகளையும் தடுக்கிறது. ஏபிஐ ப்ரொடக்‌ஷனுக்குப் போகும் டிக்கெட் இரண்டு ஸ்டோர் டிக்கெட்டுகளையும் தடுக்கிறது. 'பழைய ஆப்புக்குப் பழைய நிலையை அனுப்பு' என்ற டிக்கெட், ஃப்ளாக்கைத் திறக்கும் டிக்கெட்டைத் தடுக்கிறது. கடைசியாகச் சொன்னது இருந்திருந்தால் எங்களுக்கு அந்த மதியம் வந்திருக்காது.

ஜிராவின் குறை ஒன்றும் தெரிந்திருக்கட்டும். `issueLinkType = "is blocked by"` என்று தேடினால் அந்த இணைப்பு உள்ள எல்லா டிக்கெட்டும் வரும். தடுத்த டிக்கெட் முடிந்துவிட்டதா இல்லையா என்று அது பிரித்துச் சொல்லாது. அதைத் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும். இணைப்பை மூன்றோடு நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

யாருக்கும் சொந்தமில்லாமல் போகும் இன்னொரு வேலை, குறுக்குச் சோதனை. வெப் க்யூஏ வெப்பைப் பார்க்கிறார், மொபைல் க்யூஏ மொபைலைப் பார்க்கிறார். வெப்பில் ரத்து செய்துவிட்டு ஆப்பில் பார்ப்பது யார்? அதற்கு எபிக்கின்கீழ் ஒரு டிக்கெட், ஒருவர் பெயரில். பகுதி ரத்துக்கு அதில் மூன்று வரி போதும்: வெப்பில் ரத்து செய்து புதிய ஆப்பில் பார், புதிய ஆப்பில் ரத்து செய்து வெப்பில் பார், வெப்பில் ரத்து செய்து, ஸ்டோரில் இப்போது இருக்கும் பழைய ஆப்பில் பார். மூன்றாவதற்காக ஒரு போனில் பழைய பதிப்பை அப்டேட் ஆகாமல் வைத்திருங்கள். தானியங்கி அப்டேட்டை அணைக்க மறந்து, சோதனை நாளில் பழைய பதிப்பே கையில் இல்லாமல் போனதும் எங்களுக்கு நடந்திருக்கிறது.

கடைசி வாரத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள நான் இரண்டு விஷயத்தைக் கவனிப்பேன். மூடிய பிறகு கான்ட்ராக்ட் டிக்கெட் மீண்டும் திறக்கப்பட்டதா என்பது முதலாவது. ஒரு புலத்தின் பெயர் மாறினாலும் நான்கு டீமுக்கு வேலை. மற்றவர்களின் டிக்கெட்டில் எதுவும் மாறாததால் அது பலகையில் தெரியாது. மாற்றம் வந்தால் பழையதைத் திருத்தாமல் புது டிக்கெட் போட்டு, பாதிக்கப்படும் ஸ்டோரிகளோடு இணைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, ஒரே டிக்கெட்டின் கெடு இரண்டு முறை தள்ளிப்போனதா என்பது. டிக்கெட்டின் `History` பகுதியில் தெரியும். ஒரு முறை எல்லோருக்கும் நடக்கும். இரண்டாம் முறை என்றால் செய்பவருக்கு வேறொருவரிடமிருந்து ஏதோ வரவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம். நேரில் போய்க் கேளுங்கள். வாரம் இரண்டு முறை, டீமுக்கு ஒருவர், இருபது நிமிடம் அந்த ஒரு பலகையை மட்டும் பார்த்தால் போதும். எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்க வேண்டாம். "அடுத்து யாரிடம் எதை எப்போது கொடுக்கிறீர்கள்" என்று கேளுங்கள்.

ஒரு டீம் அக்டோபர் 9-க்குள் முடிக்கவில்லையென்றால் என்ன செய்வது என்பதை எபிக்கின் விளக்கத்திலேயே செப்டம்பரில் எழுதிவிடுங்கள். அன்றைய அவசரத்தில் எடுக்கும் முடிவு, சத்தமாகப் பேசுபவரின் முடிவாகத்தான் இருக்கும். என் வழக்கம் இது: ஃப்ளாக் ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக இருக்கும். ஐஓஎஸ் மட்டும் தயாரில்லை என்றால் வெப்பும் ஆண்ட்ராய்டும் 28 அன்று திறக்கும், ஐஓஎஸ் அடுத்த பதிப்பில் வரும். பழைய ஆப்புக்கான டிக்கெட் முடிந்திருந்தால்தான் இது நடக்கும். அது முடியவில்லையென்றால் யாருக்கும் திறப்பதில்லை, ரிலீஸே தள்ளிப்போகும்.

உங்களிடம் ஜிரா இல்லாமல் கிட்ஹப் இருந்தாலும் இதே அமைப்புதான். மைல்ஸ்டோன் ஒவ்வொரு ரெப்போவுக்கும் தனி, அதனால் அங்கேயும் ஒரே பெயரில் உருவாக்க வேண்டும். பல ரெப்போவின் இஷ்யூக்களை ஒரே `Projects` பலகையில் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் தேதிப் புலமும் வைக்கலாம்.

தேதி தள்ளிப்போனால் நான்கு ப்ராஜெக்ட்டிலும் `R26.10`-இன் ரிலீஸ் தேதியை மாற்றிவிட்டு நின்றுவிடாதீர்கள். டிக்கெட்டுகளின் கெடு தானாக நகராது. மறுபடி பின்னோக்கி எண்ணி மாற்ற வேண்டும், நடுவில் புதிதாக எந்த விடுமுறை வந்து விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். ரிலீஸ் முடிந்த அன்றே இரண்டு டிக்கெட்டை அடுத்த பதிப்பில் போட்டுவிடுங்கள்: ஒன்று, ஃப்ளாக்கைக் கோடிலிருந்து எடுப்பது, இரண்டு, பழைய ஆப்புக்கான சர்வர் மாற்றத்தை எடுப்பது. இரண்டாவதற்குக் கெடு வேண்டாம். பழைய பதிப்பை இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை மாதம் ஒருமுறை அதில் எழுதிவந்தால், எப்போது எடுக்கலாம் என்று அந்த எண்ணிக்கையே காட்டிவிடும்.